முதல் வகுப்பில் குரல், கால், கண்

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், 42 பிள்ளைகள். பேசத் தொடங்கியதும் குரல் நடுங்குகிறது. மேசையை விட்டு நகர முடியவில்லை. நகர்ந்துவிட்டால் நிற்க முடியவில்லை. பின்சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறேன். "குரல் போதாது, மாணவரைப் பார்ப்பதில்லை" என்று வழிகாட்டி ஆசிரியர் எழுதிவிட்டார். திங்கட்கிழமை 'அழுத்தம்' நடத்த வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

வழிகாட்டி ஆசிரியர் இரண்டாக எழுதியதும் நீங்கள் மூன்றாகச் சொல்வதும் பெரும்பாலும் ஒரே குறையிலிருந்து வருபவை. பதற்றத்தில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்ததற்கு ஓடுகிறார். அதனால் மூச்சு வாக்கியத்தின் நடுவிலேயே தீர்ந்துபோகிறது, கால் பாதி வாக்கியத்தில் நகர்கிறது, கண்ணும் வாக்கியம் முடியும் முன்பே வேறெங்கோ தாவிவிடுகிறது. பல ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் நடத்தி, பிறகு பயிற்சி மாணவர்களின் வகுப்பைக் கடைசி இருக்கையிலிருந்து கவனித்துக் குறிப்பெழுதும் வேலைக்கு வந்தவன் நான். "சத்தமாகப் பேசு, நடமாடு, பிள்ளைகளைப் பார்" என்று தனித்தனியாகச் சொன்னபோது எவரும் திருந்தி நான் பார்த்ததில்லை. "வாக்கியத்தை முடித்துவிட்டு நகருங்கள்" என்று சொன்ன பிறகு மூன்றும் சேர்ந்து சரியானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே சொல்வதெல்லாம் வாக்கியத்தின் முடிவை ஒட்டியதாகவே இருக்கும்.

முதலில் குரலை எடுத்துக்கொள்வோம். பதற்றத்தில் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும்; குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும்; இறுகியதால் குரலின் சுருதி ஏறும். மெல்லிய மூச்சும் இறுகிய தொண்டையும் சேரும்போது கேட்பதே அந்த நடுக்கம். இந்த நிலையில் "இன்னும் சத்தமாக" என்று ஒருவர் சொன்னால், பயிற்சி ஆசிரியர் ஒலியளவைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு சுருதியைத்தான் மேலும் ஏற்றுகிறார். குரல் கீச்சென்று ஆகிறது, தொண்டை வலிக்கிறது, கடைசி இருக்கைக்குச் சொற்கள் தெளிவாகப் போய்ச் சேர்வதும் இல்லை. சுருதி வேறு, ஒலியளவு வேறு. வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரை நிதானமாக அழைக்கும்போது வரும் குரலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அது உரத்த குரல்தான், ஆனால் உச்சத்துக்கு ஏறிய குரல் அல்ல. வகுப்புக்கு வேண்டியது அதுவே.

இதில் தமிழில் பாடம் நடத்துபவருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பயிற்சிக் கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. உடன்பாடா எதிர்மறையா என்பதும் அந்தக் கடைசிச் சொல்லின் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. "பரப்பு குறைந்தால் அழுத்தம் அதிகரிக்கும்", "விசை மாறாவிட்டாலும் அழுத்தம் மாறும்", "பையின் எடை குறையவில்லை" என்ற வாக்கியங்களில் முடிவு கேட்காவிட்டால் பாடமே கேட்கவில்லை என்று பொருள். பதற்றத்தில் இருப்பவருக்கு மூச்சு தீர்வதும் சரியாக அந்த இடத்தில்தான். முன்வரிசைப் பிள்ளை உங்கள் உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வாள். கடைசி வரிசையில் இருப்பவன் "பையின் எடை குறைய…" என்பதோடு நின்றுவிடுவான். சற்று நேரத்தில் பக்கத்திலிருப்பவனோடு பேசத் தொடங்குவான். அதை நாம் ஒழுங்கின்மை என்று குறித்துக்கொள்கிறோம்.

எனவே "குரல் போதாது" என்ற குறிப்பை "வினைமுற்று கேட்கவில்லை" என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். இதைச் சோதிப்பது எளிது. உங்களோடு அதே பள்ளிக்கு வந்துள்ள சக பயிற்சி மாணவரைக் கடைசி இருக்கையில் உட்கார வைத்து, பத்து நிமிடத்துக்கு, முடிவு கேட்காத வாக்கியங்களுக்கு மட்டும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வேறு எதையும் அவர் கவனிக்க வேண்டாம். முதல்முறை வரும் எண்ணிக்கை உங்களை வருத்தும். ஆனால் அடுத்த நாள் அதைப் பாதியாக்க முடியும். அதற்கான வழி உரக்கக் கத்துவதன்று, வாக்கியத்தைச் சிறிதாக்குவது. "நாம் தோளில் மாட்டியிருக்கும் பையினுடைய பட்டை அகலமாக இருக்கும்போது அது தோளோடு தொடும் பரப்பு அதிகமாவதால் அதே எடை இருந்தாலும் நமக்கு வலி குறைகிறது" என்பது எழுத்தில் சரி. வகுப்பில் அதை நான்காக உடையுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மூச்சு விடுங்கள். கடைசிச் சொல்லை முதல் சொல்லின் அளவுக்கே ஒலியுங்கள்.

மூச்சைப் பொறுத்தவரை "ஆழமாக மூச்சை இழு" என்ற அறிவுரை பதற்றக்காரருக்குப் பெரும்பாலும் கேடாகவே முடிகிறது. ஏற்கெனவே நெஞ்சில் நிற்கும் காற்றின் மேல் இன்னும் காற்றை அடைத்தால் தோள்தான் உயரும். முதலில் வெளியே விடுங்கள். "ஸ்ஸ்" என்ற ஒலியோடு பத்துப் பன்னிரண்டு எண்ணும்வரை மெதுவாக விட்டு முடித்தால், அடுத்த மூச்சு தானாகவே வயிறு வரை இறங்கும். வகுப்புக்குப் போகும் வழியில் தாழ்வாரத்தில் இதை மூன்று முறை செய்தால் போதும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வீட்டில் காலையில் நேரம் இருந்தால் பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்குள் வைத்து, "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் தரும் எதிர்ப்பால் குரல்நாண்கள் ஒன்றையொன்று அறையாமல் மென்மையாக அதிரும். குரல் சிகிச்சையாளர்கள் இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். குழல் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று ஒரு பாட்டை முனகுவதும் ஓரளவு அதே பயனைத் தரும்.

அடுத்தது இரைச்சல். மின்விசிறி ஓடும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்வார்கள், வெளியே வண்டி போகும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். அந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். வகுப்பில் இது இரு பக்கமும் வேலை செய்கிறது. பிள்ளைகள் பேசுவதால் நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள். நீங்கள் உயர்த்தியதால் அவர்களும் தங்களுக்குள் பேச இன்னும் உயர்த்துகிறார்கள். இந்த ஏணியில் கடைசியாக ஏறி நிற்பவர் எப்போதும் ஆசிரியரே, தொண்டையும் அவருடையதே. எனவே பேச்சொலி எழுந்தால் அதன் மேல் பேசாதீர்கள். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தி, அசையாமல் நின்று, ஒலி வரும் பக்கம் பாருங்கள். மூன்று நான்கு வினாடிகள் உங்களுக்கு ஒரு யுகம்போல் இருக்கும். பிள்ளைகளுக்கு அது மூன்று நான்கு வினாடிகள்தான். அடங்கியதும் அதே வாக்கியத்தை முதலிலிருந்து, முன்பைவிடச் சற்றுத் தணிந்த குரலில் சொல்லுங்கள். அடங்காமல் வகுப்பு முழுவதும் கலைந்துபோயிருந்தால் மௌனம் உதவாது. பிள்ளைகள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது கரும்பலகையில் ஒரு கணக்கையோ வினாவையோ எழுதி, கையில் வேலையைக் கொடுத்துவிடுவதே சரி.

குரல் பிரச்சினையின் பாதி உண்மையில் தொலைவுப் பிரச்சினை. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். முதல் இருக்கை உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டரில், கடைசி இருக்கை ஆறு மீட்டரில் என்றால் இடையில் இரண்டு இரட்டிப்புகள் இருக்கின்றன. அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் ஒலியளவு அவ்வளவு குறையாது. ஆனால் அந்த எதிரொலி உயிரெழுத்துகளைத்தான் காப்பாற்றும், மெய்யெழுத்துகள் குழம்பிவிடும். கடைசி வரிசைக்கு உங்கள் குரல் கேட்டும் சொல் விளங்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இதற்கு மலிவான மருந்து மேசைக்கு முன்னால் இரண்டு எட்டு வைத்து வருவதுதான். மேசைக்குப் பின்னால் நிற்பவர் தொண்டையால் செய்யும் வேலையை முன்னால் நிற்பவர் காலால் செய்துவிடுகிறார்.

காலைப் பற்றிச் சொல்லும்போது பயிற்சிக் கல்லூரியின் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். நுண்ணிலைக் கற்பித்தலில் பல்வகைத் தூண்டல் திறன் என்று ஒன்றை நீங்கள் செய்து காட்டியிருப்பீர்கள். அதில் அசைவு, சைகை, குரல் மாற்றம், இடைநிறுத்தம் என்று கூறுகள் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் பிறந்த இந்த முறை, ஆறு நிமிடம் நடத்தி, ஆறு நிமிடம் கருத்துக் கேட்டு, பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதி, மறுபடி ஆறு நிமிடம் நடத்தி, ஆறு நிமிடம் கருத்துக் கேட்கும் சுழற்சியாக நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளில் நிலைத்தது. முறையில் தவறில்லை. ஆனால் அமைதியாகக் கேட்கும் சக மாணவர் பத்துப் பேர் முன்னால், கூறு கூறாக மதிப்பெண் வாங்குவதற்காக நடந்து பழகியவர், உண்மையான வகுப்பிலும் காரணமில்லாமல் இடமும் வலமும் நடக்கிறார். கூண்டுக்குள் நடப்பதுபோன்ற அந்த நடையைப் பிள்ளைகளின் கண் பின்தொடரும், காது பின்தொடராது.

நான் சொல்லும் விதி எளியது. புதிய செய்தியைச் சொல்லும்போது இரு பாதமும் தரையில் ஊன்றியிருக்கட்டும். அது முடிந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் நடங்கள். நடக்கும்போது பேசாதீர்கள், பேச வேண்டுமென்றால் புதிதாக எதையும் சொல்லாதீர்கள், "குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுபோல ஏதாவது சொல்லலாம். நிற்பதற்கு மூன்று இடங்கள் போதும். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓரிடம், மேசைக்கு முன்னால் நடுவில் ஓரிடம், இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியில் மூன்றாவது வரிசையை ஒட்டி ஓரிடம். வகுப்பு தொடங்குமுன், பைகளை இருக்கைக்கு அடியில் தள்ளச் சொல்லிவிடுங்கள். பை கிடக்கும் வழியில் எந்த ஆசிரியரும் நடக்க மாட்டார்; நீங்கள் மூன்றாவது இடத்துக்குப் போகாமல் இருப்பதற்குப் பயம் மட்டுமே காரணமாக இருக்காது. இடம் நெருக்கடியாகி நடுவழியே இல்லாத வகுப்புகளும் உண்டு. அங்கே இரு பக்கச் சுவர்களை ஒட்டிய இடங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடத்தில் நிற்பதில் ஒரு பயன் உண்டு. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் அருகில் நீங்கள் வந்து நின்று, அவனைப் பார்க்காமல், பாடத்தைத் தொடர்ந்தாலே பேச்சு நிற்கும். பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டியதில்லை, குரலும் செலவாகாது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் முன்னிரு வரிசைகள் உங்கள் முதுகுக்குப் போய்விடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு பிள்ளை பதில் சொல்லும்போது புதியவர் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பதில் கேட்கவில்லை என்று அந்தப் பிள்ளையை நோக்கி நடந்து போவார்கள். ஆசிரியர் நெருங்க நெருங்கப் பிள்ளை குரலைத் தாழ்த்தும். கடைசியில் பாடம் இருவருக்கிடையிலான அந்தரங்க உரையாடலாகிவிடும், மற்ற 41 பேரும் விடுப்பில் போய்விடுவார்கள். எதிர்த் திசையில் இரண்டு எட்டு விலகிப் பாருங்கள். அவள் உங்களுக்குக் கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்துவாள், அது வகுப்பைக் கடந்துதான் உங்களிடம் வரும். மிகவும் கூச்சமுள்ள பிள்ளைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளையிடம் அருகில் போய்க் கேட்டு, பதிலை நீங்கள் வகுப்புக்குத் திருப்பிச் சொல்லுங்கள்.

கரும்பலகையில் எழுதும்போது பேசாதீர்கள். உங்கள் குரல் பலகையில் மோதித் திரும்புவதால் மட்டுமன்று, நான் மேலே சொன்ன வினைமுற்று அப்போதுதான் முழுவதும் காணாமல் போகிறது என்பதாலும் சொல்கிறேன். நான்கைந்து சொற்கள் எழுதுங்கள், ஒரு தோளையாவது வகுப்பின் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்புங்கள், பிறகு சொல்லுங்கள். இடையில் வரும் மௌனத்துக்கு அஞ்ச வேண்டாம், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். கையைப் பற்றி ஒரு சிறு செய்தி: பாடக் குறிப்பு எழுதிய தாளைக் கையில் பிடித்தால் விரலின் சிறு நடுக்கத்தைத் தாள் பெரிதாக்கிக் காட்டும். அந்தத் தாள் ஆடுவதைப் பார்த்து உங்கள் பதற்றமும் கூடும். நான்கு வரிக் குறிப்பை ஒரு கெட்டி அட்டையில் எழுதி மேசையில் வைத்துவிட்டு, கையில் சுண்ணக்கட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கண். பின்சுவரைப் பார்ப்பதும், நெற்றியைப் பார்ப்பதும், எல்லோரையும் வரிசையாக ஒரு சுற்று நோக்குவதும் புதியவருக்குச் சொல்லப்படும் குறுக்குவழிகள். சற்றுத் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் நெற்றியைப் பார்க்கிறீர்களா கண்ணைப் பார்க்கிறீர்களா என்று தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கண்ணால் பார்ப்பதன் நோக்கம் நீங்கள் தைரியமாக இருப்பதாகக் காட்டுவது மட்டுமன்று. விளங்கியதா இல்லையா என்பதை வாங்கிக்கொள்வதற்கு வகுப்பில் வேறு வழியே இல்லை. எழுதும் பேனா நின்றுவிட்டதா, புருவம் சுருங்கியதா, பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறானா என்பதெல்லாம் சுவரில் தெரியாது.

எனவே கண்ணையும் வாக்கியத்தோடு கட்டுங்கள். ஒரு சிறு வாக்கியத்தை ஒரு பிள்ளையிடம் சொல்லி முடியுங்கள். வினைமுற்று முடியும் வரை அந்த முகத்தில் இருங்கள். முடிந்ததும் வேறு பக்கத்தில் வேறொரு முகத்துக்குப் போங்கள். இது இரண்டு மூன்று வினாடிதான் ஆகும். ஒருவரிடம் பேசுவதுபோல் பேசும்போது குரலின் சுருதி தானாக இறங்குவதைக் கவனிப்பீர்கள், ஏனென்றால் கூட்டத்தைப் பார்த்துக் கத்தும் குரல் ஒரு முகத்தைப் பார்த்தால் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே குரலுக்கு முன் கண்ணைச் சரிசெய்யச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. முதல் சில நாள் நட்போடு பார்க்கும் நான்கு முகங்களைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் அவை ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு கடைசி மூலைகளிலும் ஒவ்வொன்று, முன்வரிசையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று என்று இருக்கட்டும். கண் அந்த நான்கு முனைகளுக்குப் போய் வந்தாலே நடுவிலிருப்பவர்கள் தங்களையும் பார்ப்பதாக உணர்வார்கள்.

தானாக விட்டுவிட்டால் கண் எங்கே போகும் என்பது ஆராய்ந்து பார்க்கப்பட்ட செய்தி. ஆசிரியரின் கேள்வியும் பார்வையும் முன்வரிசையிலும், முன்னிருந்து பின்வரை நேர் நடுவில் இருக்கும் இருக்கைகளிலும்தான் குவிகின்றன என்று ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் எழுதினார்கள். நம் ஊர் வகுப்புகளில் இதோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனிப் பக்கத்தில் உட்காரும் வகுப்பில், ஆண் பயிற்சி ஆசிரியர் பெண்கள் பக்கத்தையும், பெண் பயிற்சி ஆசிரியர் வளர்ந்த பையன்கள் பக்கத்தையும் கூச்சத்தால் தவிர்ப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மற்றது, கடைசி இருக்கையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி ஆசிரியரின் முகம். அது காந்தம்போல் இழுக்கும். அவரைப் பார்ப்பதைத் தவிர்க்க முயலாதீர்கள், முயன்றால் கண் மேலும் அங்கேதான் போகும். அவருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொண்டு, கண் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளையிடம் நிறுத்துங்கள்.

ஒரு பயிற்சி மாணவியின் வகுப்பில் இதைக் கணக்கெடுத்துக் காட்டினேன். இருக்கை வரைபடம் ஒன்றைத் தாளில் போட்டு, அவர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பாடவேளை முடிவில் 19 புள்ளிகள். அவற்றில் 14 பெண்கள் பக்கத்து முதல் இரண்டு இருக்கைகளில் இருந்தன. அவர் எல்லோரிடமும் கேட்டதாகவே உறுதியாக நம்பினார். அடுத்த வகுப்பில் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: முதல் மூன்று கேள்விகளையும் பையன்கள் பக்கக் கடைசி இருக்கையிலிருந்து தொடங்கினார். கேள்வி அங்கே போனதால் கண் போனது, பதில் கேட்கவில்லை என்பதால் காலும் மேசையை விட்டு வந்தது. நடமாடச் சொல்லி யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை.

கேள்வி கேட்கும் வரிசையும் முக்கியம். கேள்வி, மௌனம், பெயர் என்று வரட்டும். பெயரை முதலில் சொன்னால் மற்ற 41 பேருக்கும் கேள்வியோடு தொடர்பு அறுந்துவிடும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீண்டு தெளிவாகின்றன என்றும் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து காட்டினார். அந்த மூன்று வினாடியில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாததால்தான் புதியவர்கள் அவசரப்பட்டுத் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு கடைசி மூலையிலிருந்து மற்றதற்கு மெதுவாகப் பாருங்கள். மூன்று வினாடி போய்விடும், யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் பார்க்கும்போது பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர் பேசும்போது கண்ணைப் பார்க்கக் கூடாது என்றே பல வீடுகளில் வளர்க்கிறார்கள். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று கேட்பது வகுப்பில் ஒருவரை ஒடுக்குவதற்குத்தான் பயன்படும். பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள். நாலைந்து நாளில் பாதிப் பேர் நிமிர்ந்துவிடுவார்கள்.

இனித் திங்கட்கிழமைப் பாடத்தின் முதல் எட்டு நிமிடத்தை இதன்படி ஓட்டிப் பார்ப்போம். உடல் பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில்தான், சில நிமிடங்களில் அது இறங்கும். ஆகவே அந்தச் சில நிமிடங்களில் உங்கள் குரல் அதிகம் தேவைப்படாதபடி பாடத்தை அமையுங்கள். புத்தகம் நிறைந்த ஒரு பள்ளிப் பையும், அதே பையைத் தூக்கும் அளவுக்கு உறுதியான ஒரு சணல் கயிறும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்து வணக்கம் சொல்லி முடிந்ததும் மேசைக்கு முன்னால் நின்று மூச்சை வெளியே விடுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது முதல் வாக்கியம் மட்டுமே: "இந்தப் பையை இரண்டு விதமாகத் தூக்கப் போகிறோம்." இதைக் கடைசி வரிசையின் இடது மூலையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து "போகிறோம்" வரை சொல்லி முடியுங்கள். முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வந்தவர்கள் ஒரு சொல் தவறியதும் கண்ணைக் கூரைக்குத் தூக்குவார்கள், அதனால்தான் ஒரு வாக்கியத்தோடு நிறுத்தச் சொல்கிறேன்.

பிறகு கடைசி வரிசைகளிலிருந்து இருவரை அழையுங்கள். ஒவ்வொருவரும் முதலில் பட்டையால் பையைத் தோளில் மாட்டட்டும், அடுத்து அதே பையைக் கயிற்றால் மாட்டட்டும். அவர்கள் செய்யும்போது வகுப்பின் கண் உங்கள் மேல் இருக்காது; நீங்கள் அந்த வாய்ப்பில் பேசாமல் மூன்றாவது இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து முன்னால் நிற்பவரிடம் கேளுங்கள்: "எது அதிகம் வலித்தது?" நீங்கள் தொலைவில் இருப்பதால் அவர் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படிதான் பதில் சொல்ல முடியும். இப்போது இரண்டு மூன்று நிமிடம் கடந்திருக்கும், நீங்கள் பேசியது நான்கைந்து வாக்கியமே.

முன்னால் திரும்பி வந்து, நின்று, "பையின் எடை மாறியதா?" என்று கேட்டுக் காத்திருங்கள். "இல்லை" என்ற பதில் வந்ததும், "எடை மாறவில்லை" என்பதை முழுக் குரலில், கடைசி அசை வரை, ஒரு பையனைப் பார்த்துச் சொல்லுங்கள். "தோளைத் தொடும் பரப்பு மாறியது" என்பதை எதிர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் சொல்லுங்கள். பிறகு கரும்பலகைக்குப் போய்ப் பேசாமல் எழுதுங்கள்: அழுத்தம் = விசை ÷ பரப்பு. திரும்பி நின்று வாசியுங்கள். பை தோளை 40 நியூட்டன் விசையால் அழுத்துவதாகவும், கயிறு தொடும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், பட்டை தொடும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், கயிற்றின் அழுத்தம் 40,000 பாஸ்கல், பட்டையின் அழுத்தம் 8,000 பாஸ்கல். இந்தக் கணக்கை நீங்கள் போடாதீர்கள். எண்களை மட்டும் எழுதிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் போடும்போது வழியில் நடந்து நோட்டுகளைப் பாருங்கள். அலகை மாற்ற மறந்து வெறும் 4 என்று எழுதியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்ததும் அடுத்து எதை விளக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், அதன்பின் குரலைப் பற்றி நினைக்க நேரமிருக்காது.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள முயலாதீர்கள். திங்கள் முதல் புதன் வரை வினைமுற்றை மட்டும் கவனியுங்கள். காலும் கண்ணும் தப்பினால் தப்பட்டும். வியாழனிலிருந்து கண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் பெரும்பாலும் அந்த மாணவிக்கு வந்ததுபோல் தானே வந்துவிடும். வழிகாட்டி ஆசிரியரிடமும் போய், "ஐயா, இந்த மூன்று நாள் வாக்கியத்தின் முடிவு கேட்கிறதா என்பதை மட்டும் குறித்துத் தர முடியுமா" என்று கேளுங்கள். "குரல் போதாது" என்று பொதுவாக எழுதுபவர்களும், குறிப்பாக ஒன்றைக் கேட்டால் குறிப்பாகவே எழுதித் தருவார்கள்.

தொண்டையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. வகுப்புக்கு நடுவே தொண்டையைச் செருமுவது குரல்நாண்களை ஒன்றோடொன்று மோத விடுவதாகும். அந்த நேரத்தில் ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள். குரல் கட்டிய நாளில் கிசுகிசுப்பது ஓய்வு அன்று, பலருக்கு அது தொண்டையை மேலும் இறுக்கும்; அன்றைக்கு வாசிப்பு வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் குறைவாகப் பேசுங்கள். சளி இருமல் எதுவுமில்லாமல் குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பனங்கற்கண்டையும் மிளகையும் நம்பிக்கொண்டிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.